செட்டில்மெண்ட் பணம்: ரேட் ஏறட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: துபாயில் 11 வருட வேலையை முடித்து அடுத்த மாதம் ஊர் திரும்புகிறேன். பேசிக் 2,400 திர்ஹம். லீவ் சம்பளத்தோடு சேர்த்து 25,200 திர்ஹம் செட்டில்மெண்ட் வரும். ‘ரேட் இன்னும் ஏறும், மூன்று மாதம் பொறு’ என்கிறார்கள் ரூமில் இருப்பவர்கள். ஊரில் 3 லட்சம் ரூபாய் கடன் இருக்கிறது, இரண்டு வட்டி. பொறுக்கலாமா?

பதில்: முதலில் தொகையைச் சரிபார்த்துவிடுவோம். கிராஜுவிட்டி என்பது முதல் 5 வருடத்துக்கு வருடம் 21 நாள் பேசிக் சம்பளம், அதற்குப் பிறகு வருடம் 30 நாள். ஆக 105 நாளும் 180 நாளும் சேர்த்து 285 நாள். உங்கள் ஒரு நாள் பேசிக் 80 திர்ஹம் என்பதால் கிராஜுவிட்டி 22,800. ஒரு மாத லீவ் சம்பளம் 2,400. கணக்கு சரிதான். வேலை முடிந்த 14 நாளுக்குள் கம்பெனி இதைக் கொடுத்தாக வேண்டும்.

இனி ரேட். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று நிலையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் ‘திர்ஹம் ஏறிவிட்டது’ என்று ரூமில் பேசுவதெல்லாம் டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கிய கதைதான். டாலர் 88.14 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 3.6725 ஆல் வகுக்க, ஒரு திர்ஹம் 24 ரூபாய். மூன்று மாதத்தில் அது எங்கே போகும் என்று எனக்கும் தெரியாது, உங்கள் ரூம்மேட்டுக்கும் தெரியாது. ஆனால் காத்திருக்க என்ன செலவாகும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம்.

24 ரூபாய் ரேட்டில் கடனை அடைக்க 12,500 திர்ஹம் வேண்டும். இரண்டு வட்டி என்றால் மாதம் 6,000 ரூபாய். அதை 12,500 ஆல் வகுத்தால் 48 பைசா. அதாவது இந்தப் பாதிப் பணத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு மாதமும் ரேட் 48 பைசா ஏறினால்தான் நஷ்டமில்லை. மூன்று மாதத்துக்கு 1 ரூபாய் 44 பைசா. அவ்வளவு ஏறும் என்று நம்பி நான் வட்டி கட்ட மாட்டேன். இந்தப் பங்கை வந்த உடனே அனுப்பி, கடன் பத்திரத்தைக் கையில் வாங்கிவிடுங்கள்.

மிச்சம் 12,700 திர்ஹத்துக்குக் கணக்கு வேறு. ஊரில் 7 சதவீத டெபாசிட்டில் போட்டால் மூன்று மாத வட்டி, திர்ஹத்துக்கு 42 பைசா ஆகிறது. அந்த அளவு ரேட் ஏறினாலும் நீங்கள் ஜெயிக்கவில்லை, சரிக்குச் சரிதான். ஆசை விடவில்லை என்றால் இந்தப் பங்கை இரண்டாகப் பிரித்து, சில வார இடைவெளியில் அனுப்புங்கள். ஆனால் விசா கேன்சல் ஆன பிறகு அங்கே பணத்தை வைத்திருப்பது தலைவலி. எமிரேட்ஸ் ஐடி செல்லாமல் போனால் எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் நின்று அனுப்ப முடியாது. பேங்கில் லோனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால், செட்டில்மெண்ட் விழுந்ததும் கணக்கை முடக்கிவிடுவது அங்கே சாதாரணம். கார்டு பாக்கியை இப்போதே முடித்து, பேங்கிலிருந்து கடிதம் வாங்கி வையுங்கள்.

ரேட் ஏறுவதை நினைத்துக் கவலைப்படும் பலர், கவுண்டரில் விடுவதைக் கவனிப்பதில்லை. போர்டில் 23.85 என்று போட்டு, 20 திர்ஹம் கமிஷன் எடுத்தால், 25,200 திர்ஹத்துக்கு உங்கள் கணக்கில் விழுவது 6,00,543 ரூபாய். 24 ரூபாய் ரேட்டில் 6,04,800 வந்திருக்கும். 4,257 ரூபாய் போய்விட்டது! அதனால் ‘ரேட் என்ன?’ என்று கேட்காதீர்கள். ‘இவ்வளவு திர்ஹம் கட்டினால் ஊரில் எத்தனை ரூபாய் விழும்?’ என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். பெரிய தொகை என்று சொன்னால் சில பைசா கூட்டித் தருவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். அன்று மார்க்கெட் இல்லாததால் தங்களுக்குப் பாதுகாப்பாகக் குறைத்தே ரேட் வைப்பார்கள்.

கம்பெனி ‘நாங்களே ரூபாயாக மாற்றி ஊர்க் கணக்கில் போட்டுவிடுகிறோம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்த நாள் ரேட் என்பது அவர்கள் கையில் போய்விடும். தவிர, இந்தியாவில் நேரடியாகப் பெற்றால் வரி விஷயத்தில் கேள்வி எழும். துபாய்க் கணக்கில் திர்ஹமாக வாங்கி, அங்கிருந்து உங்கள் என்.ஆர்.இ. கணக்குக்கு அனுப்புங்கள்.

நோட்டாகக் கொண்டுவரும் யோசனையும் வேண்டாம். 25,200 திர்ஹம் என்பது கிட்டத்தட்ட 6,860 டாலர். 5,000 டாலருக்கு மேல் நோட்டாக இருந்தால் இந்திய விமான நிலையத்தில் கஸ்டம்ஸில் அறிவிக்க வேண்டும். நோட்டு மாற்றும் ரேட்டும் அனுப்பும் ரேட்டைவிடக் குறைவாகவே கிடைக்கும். டாக்ஸிக்கும் கூடுதல் லக்கேஜுக்கும் சில நூறு திர்ஹம் கையில் இருந்தால் போதும்.