கரப்பான் ட்ரீட்மென்ட் விளம்பரத்துல ரிசல்ட்ட எப்படி காட்டுறது?

"30 செகண்ட் விளம்பரம் எடுக்கணும், ரிசல்ட் பளிச்சுன்னு தெரியணும். ஆனா நாங்க திரும்ப வரணும்னு சொன்னா கஸ்டமர் போயிடுவாங்களோன்னு யோசனையா இருக்கு."

மொதல்ல ஒண்ணு, அடுப்பு மேடை மேல புகை மாதிரி ஸ்ப்ரே அடிக்கிற ஷாட் வேணவே வேணாம்ங்க. பாக்குறவங்க அதையே வீட்ல செஞ்சு பாப்பாங்க, அதுவும் போக கரப்பான் சாப்பிடுறதுக்கு நீங்க மருந்து ஜெல் வச்ச இடத்துல ஸ்ப்ரே பட்டா கரப்பான் அந்த ஜெல்ல சாப்பிடாம ஒதுங்கிப் போயிடும், அப்புறம் உங்க வேலையே வீணாயிடும்.

ரிசல்ட்டுக்கு ஒட்டுப்பொறிய காட்டுங்க. ட்ரீட்மென்ட்டுக்கு முந்தின ராத்திரி சிங்க் அடியில, ஃப்ரிட்ஜ் பின்னாடி, ஒரு அலமாரிக்குள்ளன்னு மூணு ஒட்டுப்பொறி அட்டை வைங்க. ரெண்டு வாரம் கழிச்சு அதே இடத்துல, அதே மாதிரி ஒரே ராத்திரி, புது அட்டை. இடம் மாறினாலோ ராத்திரி கூடினாலோ அந்த கணக்குக்கு அர்த்தமே இல்ல. உதாரணத்துக்கு மொதல்ல 40, அப்புறம் 6னு வருதுன்னு வைங்க, அந்த ஆற க்ளோஸப்ல பாத்தா பெரும்பாலும் எள்ளு சைஸ் குஞ்சா இருக்கும். அத மறைக்காதீங்க, உங்க ரெண்டாவது விசிட்டுக்கு காரணமே அதுதான்! ஜெர்மன் கரப்பானோட ஒரு முட்டைக்கூட்டுல 30லருந்து 40 முட்டை இருக்கும், மருந்து அதுக்குள்ள போகாது, பொரிய கிட்டத்தட்ட நாலு வாரம் ஆகும்.

ஸ்க்ரிப்ட் இப்படி வரலாம்:

(க்ளவுஸ் போட்ட கை, அலமாரி கீல் ஓரத்துல பருப்பளவு ஜெல் புள்ளி)
"ஜெல்ல கரப்பான் சாப்பிடணும், அதனால உடனே சாகாது, சில நாள் ஆகும்."

(ரெண்டு அட்டையும் பக்கத்து பக்கத்துல, தேதியோட)
"ஒரே இடம், ஒரே ராத்திரி. முன்னாடி 40, ரெண்டு வாரத்துல 6."

(குஞ்சு க்ளோஸப்)
"முட்டைக்குள்ள மருந்து போகாது. அதனால 14ஆம் நாள் வருவோம், பொரிஞ்சதையும் பிடிக்க 45ஆம் நாள் இன்னொரு தடவ வருவோம்."

அந்த 40, 6 உங்க சொந்த வேலையில வந்த நம்பரா இருக்கணும், நல்லா வந்த ஒரு வீட்ட மட்டும் பொறுக்கி எடுத்து போட்டீங்கன்னா மத்த கஸ்டமர் எல்லாம் அதே நம்பர கேட்டு நிப்பாங்க. மூணு விசிட்டும் ஒரே காசுல சேருமா தனி காசான்னும் குரல்லயே சொல்லிடுங்க, அடியில பொடி எழுத்துல ஓட விடாதீங்க. "100 சதவீதம் சேஃப்", "வாசனை இல்ல, அதனால விஷம் இல்ல"ன்னு எல்லாம் போடக் கூடாது, வாசனைக்கும் விஷத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அதுக்கு பதிலா "குழந்த கைக்கு எட்டாத இடத்துல மட்டும் வைப்போம்"னு சொல்லுங்க, ஷாட்லயும் அப்படியே வைங்க.

பக்கத்து வீட்லருந்து பைப் சந்து வழியா திரும்பவும் வரலாம், அதனால "இனி வரவே வராது"ங்கிற வரிக்கு இந்த ஸ்க்ரிப்ட்ல இடமில்ல.