தீபாவளி போன பிறகும் ஏறியே நிற்கும் சராசரி

"சத்தியமங்கலத்துல சின்ன ரெடிமேடு துணிக்கடைங்க. வாரா வாரம் விற்பனையை எக்செல்ல போட்டு, பக்கத்துல நாலு வார சராசரி வச்சிருக்கேன். தீபாவளி முடிஞ்சு மூணு வாரம் ஏத்தமாவே காட்டுச்சு. அப்புறம் ஒரே வாரத்துல பொத்துன்னு விழுந்துருச்சு. வியாபாரம் படுத்துருச்சுங்களா?"

வியாபாரம் படுக்கவில்லை, தீபாவளி வாரம் கணக்கை விட்டு வெளியேறியிருக்கிறது, அவ்வளவுதான். B2 முதல் B10 வரை ஒன்பது வார விற்பனை, ஆயிரம் ரூபாய்க் கணக்கில், இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 42, 38, 46, 34, 90, 30, 36, 40, 38. இதில் 90 தீபாவளி வாரம். நான்கு வாரம் சேர்ந்த பிறகே சராசரி வரும் என்பதால் முதல் சூத்திரம் C5-ல். மேலே மூன்று கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும்.

```
=AVERAGE(B2:B5)
```

இதைக் கீழே இழுத்தால் C5-ல் 40, பிறகு 52, 50, 47.5, 49, கடைசியில் 36 வரும். எட்டாம் வாரம் 40, ஒன்பதாம் வாரம் 38. கடையில் குறைந்தது இரண்டாயிரம்தான். சராசரியோ பதிமூன்றாயிரம் இறங்குகிறது. உள்ளே வந்தது 38, வெளியே போனது 90; வித்தியாசம் 52, அதை நான்கால் வகுத்தால் 13. சராசரி திடீரென்று இறங்கினால் இந்த வார விற்பனையை மட்டும் பார்க்காதீர்கள். நான்கு வரிசை மேலே, கணக்கை விட்டுப் போன வாரம் எது என்றும் பாருங்கள்.

பண்டிகை வாரத்தை அழித்துவிடத் தோன்றும். வேண்டாம், அது உண்மையான விற்பனை. அதற்குப் பதில் D5-ல் நடுமதிப்பைப் போடுங்கள். நான்கு வார விற்பனையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்கும் இரண்டின் சராசரிதான் அது:

```
=MEDIAN(B2:B5)
```

கீழே இழுத்தால் D10 வரை 40, 42, 40, 35, 38, 37 என்று வரும். ஒற்றை வாரம் எவ்வளவு ஏறினாலும் இதைப் பெரிதாகத் தூக்கிவிட முடியாது. சரக்கு எடுக்க இந்த வரிசையை நம்பலாம். ஆனால் தீபாவளிச் சரக்குக்கு இரண்டுமே உதவாது. அதற்குப் போன வருடத்து தீபாவளி வாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்குக் கடையைச் சாத்திய வாரத்தில் கட்டத்தைக் காலியாக விட்டால், எக்செல் மீதி மூன்று வாரத்தை மூன்றால் வகுக்கும். 0 என்று போட்டால் நான்கால் வகுக்கும். கடை திறந்த வாரங்களின் போக்குத்தான் தெரிய வேண்டும் என்றால் காலியாக விடுவதே சரி. "38000 ரூ" என்று எழுத்தும் சேர்த்து அடித்தால் அதையும் எக்செல் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். அப்படி அடித்த எண் கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நிற்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். சந்தேகமாக இருந்தால் E5-ல் இதைப் போட்டு இழுங்கள். கடை சாத்திய வாரம் சேராத இடத்தில் 4 வராவிட்டால் அந்த நான்கு கட்டங்களில் ஏதோ ஒன்று எண்ணாக இல்லை.

```
=COUNT(B2:B5)
```