கேதார்-பத்ரி போறவங்க ரிட்டர்ன் டிக்கெட்டை எந்த நாளுக்குப் போடணும்?

கேள்வி: அப்பா அம்மாவோட சென்னைல இருந்து கேதார்நாத், பத்ரிநாத் போறோம். எந்த மாசம் கூட்டம் கம்மி, ரிட்டர்னுக்கு எத்தனை நாள் எக்ஸ்ட்ரா வெச்சுக்கணும்?

ரெண்டு நாள் எக்ஸ்ட்ரா வேணும், ஆனா அதை எங்க வைக்கிறீங்கங்கிறதுதான் முக்கியம். நிறைய பேர் ரெண்டையும் கடைசில டெல்லில வெச்சுடுறாங்க, அது மலைல மாட்டினா ஓரளவுக்கு உதவும், ஆனா கேதார்ல மழையால ஒரு நாள் நின்னுட்டா அடுத்து போட்ட ரூம் எல்லாம் வரிசையா தப்பிப் போகும். ஒண்ணு கேதார் இறங்கின உடனே, இன்னொண்ணு ரிஷிகேஷ்ல. இப்படித்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன்.

மாசம்னா செப்டம்பர் கடைசில இருந்து அக்டோபர் நடுவுக்குள்ள போங்க. கோயில் திறந்ததுல இருந்து ஜூன் கடைசி வரை வடக்க ஸ்கூல் லீவு, கேதார்ல க்யூ மணிக்கணக்கா நிக்கும், அதுக்கப்புறம் மழை, மலைச்சரிவு, அதோட ஆடி மாச வாக்குல காவடி எடுத்துட்டு வர்றவங்க கூட்டத்துல ஹரித்துவார் ரோடே அடைஞ்சுடும். அக்டோபர்ல குளிர் ஜாஸ்தி, அப்பா அம்மாவுக்கு நல்ல ஜாக்கெட்டும் மங்கி கேப்பும் கண்டிப்பா வேணும்.

இப்ப கிழமை கணக்கு. ஞாயித்துக்கிழமை விடிகாலைல ஹரித்துவார்ல கிளம்புங்க, வீக்எண்டுக்கு வந்த டெல்லிக்காரங்க அன்னைக்கு எதிர்ப்பக்கம் இறங்குவாங்க, நமக்கு ஏறுற பக்கம் பரவால்ல. சாயங்காலம் குப்தகாசி. திங்கள் காலைல சோன்பிரயாக், அங்க ரெஜிஸ்ட்ரேஷன் செக் பண்ணுவாங்க (registrationandtouristcare.uk.gov.in-ல முன்னாடியே போட்டுடுங்க), அங்கிருந்து கௌரிகுண்டுக்கு லோக்கல் ஜீப்தான், உங்க வண்டி போகாது. மேல சுமார் 16 கிலோமீட்டர் ஏத்தம், பெரியவங்களுக்கு குதிரை இல்ல டோலி. சோன்பிரயாக்ல லேட் ஆனா மேல விடாம நிறுத்திடுவாங்க, அதனால ஆறு மணிக்குள்ள ஜீப் ஏறிடுங்க.

மேல போயிட்டு அன்னைக்கே இறங்கலாம்னு நினைக்காதீங்க. கேதார்ல மத்தியானம் மூணு மணி வாக்குல நடை சாத்திட்டு சாயங்காலம் அஞ்சு வாக்குல திறப்பாங்க, அப்புறம் அலங்கார தரிசனம் தூரத்துல இருந்துதான், கர்ப்பகிரகத்துக்குள்ள விட மாட்டாங்க. நடந்தோ குதிரைலயோ போறவங்க பெரும்பாலும் அந்த நேரத்துலதான் போய்ச் சேருவாங்க. ராத்திரி மேலயே தங்கி செவ்வாய் விடியறதுக்கு முன்னாடி க்யூல நில்லுங்க, திங்கக்கிழமை சிவன் நாள் கூட்டமும் குறைஞ்சிருக்கும், சுவாமியை நிதானமா பாத்துட்டு இறங்கலாம். சம்பந்தரும் சுந்தரரும் காளத்தில இருந்தே பாடின தலம், அங்க நின்னு ஒரு பதிகம் சொன்னா போதும், வந்த அலுப்பெல்லாம் போயிடும்.

புதன் முதல் எக்ஸ்ட்ரா நாள். மழைல ஏத்தம் தள்ளிப்போனா இது அடிபடும், இல்லேன்னா கால் வலிக்கு ரெஸ்ட், உக்கிமடம் போயிட்டு வரலாம். வியாழன் சோப்தா வழியா ஜோஷிமடம், அங்க நரசிம்மர் கோயில்தான் நம்ம திருப்பிரிதி திவ்யதேசம்னு சொல்வாங்க. வெள்ளி பத்ரி. அங்க மத்தியானம் ஒண்ணுல இருந்து நாலு வரை நடை சாத்தியிருக்கும், அதனால தப்தகுண்டத்துல குளிச்சுட்டு நாலு மணிக்கு மேல ஒரு தரிசனம், சனி விடிகாலைல இன்னொண்ணு, காலை டிபன் முடிச்சு உடனே இறங்கிடுங்க, அன்னைக்கு ருத்ரபிரயாக்ல தங்கல்.

இறங்கும்போதுதான் கவனம் வேணும். பத்ரிக்குக் கீழ லாம்பகட், ருத்ரபிரயாக் தாண்டி சிரோபகட், இந்த ரெண்டு இடத்துலயும் மண் சரியும். எதிர்ல ரொம்ப நேரமா ஒரு வண்டியும் வரலேன்னா கீழ ரோடு அடைச்சிருக்குன்னு அர்த்தம். நல்ல டிரைவர் இதைப் பாத்ததுமே கடை, டாய்லெட் இருக்கிற ஊர்லயே வண்டியை ஓரங்கட்டிடுவார், சரிவு கிட்ட போய் லைன்ல நின்னா ஜேசிபி மண்ணை வழிக்கிற வரை பெரியவங்களுக்கு தண்ணி கூட கிடைக்காது. ராத்திரி மலை ரோட்டுல வண்டி விட மாட்டாங்க, அதனால மத்தியானம் மூணு மணி நேரம் போனா அந்த நாளே போச்சு.

ஞாயிறு ரிஷிகேஷ் வந்துடுவீங்க, வர்ற வழில தேவபிரயாக்ல ரகுநாதரைப் பாத்துடுங்க, கண்டமென்னும் கடிநகர் அதுதான். அன்னைக்கே டெல்லி போகணும்னு நினைக்காதீங்க, ஊர் திரும்புற கார் எல்லாம் அந்த ரோட்லதான் நிக்கும். திங்கள் ரெண்டாவது எக்ஸ்ட்ரா நாள், சாயங்காலம் ஹரித்துவார் போய் ஹர் கி பௌரி ஆரத்தி. டெல்லில இருந்து சென்னை ட்ரெயின் செவ்வாய் ராத்திரிக்குப் போடுங்க. ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடிதான் திறக்கும், ரிட்டர்ன் பல நாள் கழிச்சு வர்றதால போற டிக்கெட்டோட சேத்து ஒரே நாள்ல போட முடியாது, அந்த ரெண்டாவது தேதியை போன் அலாரத்துல வெச்சுக்கோங்க.