வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் மணிக்கணக்கை எப்படிப் பதிவது?

கேள்வி: கோவையில் நாலு பேர், பெர்லினில் மூணு பேர். எல்லோரும் வீட்டிலிருந்துதான் வேலை. கண்காணிப்பு மென்பொருள் வேண்டாம். மணிக்கணக்கை எப்படி வாங்குவது?

பதில்: முதலில் எல்லோரும் சேர்ந்திருக்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள். இந்திய நேரம் மதியம் 2 முதல் 5 வரை பொருந்தும். கோடையில் அது பெர்லினில் காலை 10.30 முதல் 1.30 வரை, குளிர்காலத்தில் 9.30 முதல் 12.30 வரை. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரம் மாறும். அதனால் எந்த ஊர் நேரம் நிலையானது என்று எழுதியே வையுங்கள். இல்லையென்றால் மறுநாளே ஒரு மணி நேரக் குழப்பம். இந்த மூன்று மணி நேரத்தில் கூப்பிட்டால் பதில் வர வேண்டும். மீதி நேரம் அவரவர் வசதி.

நேரப் பதிவை அன்றன்றே, கால் மணி நேரக் கணக்கில் அவர்களே எழுதட்டும். வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் ஐந்து நாளும் சரியாக 8 மணி என்றுதான் வரும். அப்படி வந்தாலே அது கணக்கில்லை, நிரப்பியது.

‘காத்திருப்பு’ என்று தனியாக ஒரு வரி வையுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் ஒரே வாரத்தில் அதில் 5 மணி நேரம் எழுதியிருந்தார். பார்த்தால், அவர் காலையில் முடித்ததைச் சரிபார்ப்பவர் மாலையில்தான் திறக்கிறார். சரிபார்ப்பை 2 மணிக்கு மாற்றினோம், அப்புறம் அந்த வரி அரை மணி நேரமாகக் குறைந்தது.

யாராவது ஆறரை மணி என்று எழுதினால் ‘ஏன் குறைவு?’ என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த வாரமே எல்லோருக்கும் 8 வந்துவிடும்.