விழித்திரைப் படத்தில் முதலில் டிஸ்க்கைப் பிடியுங்கள், ஆனால் வெளிச்சத்தை வைத்து அல்ல

"ஃபண்டஸ் போட்டோவில் ஆப்டிக் டிஸ்க் எங்கே இருக்கிறது என்று பைத்தானில் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். படத்திலேயே பிரகாசமான இடத்தை எடுத்தால் பாதிப் படங்களுக்குச் சரியாக வருகிறது, சர்க்கரை நோயாளிகளின் படங்களில் எங்கேயோ போய் நிற்கிறது. கப், சர்க்கரைப் பாதிப்பு இதெல்லாம் அடுத்து எப்படிப் பிரிப்பது?"

சர்க்கரை நோயாளிகளின் படத்தில்தான் தவறுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், காரணமும் அதிலேயே இருக்கிறது. டிஸ்க், அதாவது பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வட்டம், வெளிர் மஞ்சள். கசியும் ரத்தக் குழாயிலிருந்து வெளியே வந்து படிகிற கொழுப்பும், அதாவது ஹார்ட் எக்சுடேட்டும், மஞ்சள்தான், பல நேரம் டிஸ்க்கைவிடப் பளிச்சென்று இருக்கும். படத்தை மங்கலாக்கிவிட்டு உச்ச வெளிச்சத்தைத் தேடும்போது, ஒரு கொத்து எக்சுடேட் சேர்ந்து டிஸ்க் மாதிரி ஒரே பொட்டாகிவிடும்.

முகாம்களில் எடுத்த விழித்திரைப் படங்களைத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தபோது இப்படி ஒரு படம் கைக்கு வந்தது, இன்றும் மறக்கவில்லை. வலது கண், 45 டிகிரி கேமரா, வெளிச்ச வட்டம் சுமார் 2600 பிக்சல் அகலம். பார்வை மிகக் கூர்மையாக இருக்கும் நடுப் புள்ளியான ஃபோவியாவுக்கு மேலே, காதுப் பக்கமாக, வளையம் போல எக்சுடேட் கட்டியிருந்தது. நிரல் அந்த வளையத்தை டிஸ்க் என்று எடுத்துக்கொண்டது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. டிஸ்க்கை எக்சுடேட் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எல்லோரும் டிஸ்க் பகுதியை மறைத்துவிட்டுத்தான் மஞ்சள் புள்ளிகளைத் தேடுவார்கள், இங்கே மறைக்கப்பட்டது நோய். அந்த நோயாளியின் படத்தில் பார்வைக்கு ஆபத்தான ஒரே இடத்தை நிரல் பார்க்கவே இல்லை. அதனால்தான் இந்த முதல் படியில் அவசரப்படாதீர்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, வெளிச்சத்தை நம்பாவிட்டால் வேறு எதை நம்புவது? ரத்தக் குழாய்களை. விழித்திரையின் பெரிய குழாய்கள் எல்லாம் டிஸ்க் வழியாகத்தான் உள்ளே வந்து வெளியே போகின்றன, டிஸ்க்கை விட்டதும் மேலும் கீழுமாகச் செங்குத்தாக ஓடி அப்புறம்தான் ஃபோவியாவைச் சூழ்ந்த பகுதியான மாகுலாவைச் சுற்றி வளைகின்றன. ஆகவே தடித்த, செங்குத்தான குழாய்கள் நெருங்கி நிற்கிற இடம் டிஸ்க். பச்சை சேனலை எடுங்கள், ரத்தம் பச்சை ஒளியை நன்றாக விழுங்குவதால் குழாய்கள் அதில்தான் கறுப்பாகத் தெளியும். சிவப்பு சேனல் பெரும்பாலும் வெளுத்துப்போயிருக்கும், நீலம் இருட்டு.

```python
import cv2
img = cv2.imread("fundus.jpg")
k = cv2.getStructuringElement(cv2.MORPH_ELLIPSE, (41, 41))
v = cv2.morphologyEx(img[:, :, 1], cv2.MORPH_BLACKHAT, k)
gx = abs(cv2.Sobel(v, cv2.CV_32F, 1, 0))
gy = abs(cv2.Sobel(v, cv2.CV_32F, 0, 1))
score = cv2.GaussianBlur(gx - gy, (0, 0), 60)
mask = cv2.erode((img[:, :, 2] > 30).astype("uint8"), k)
xy = cv2.minMaxLoc(score, mask)[3]
```

`gx - gy` என்று கழிப்பதுதான் இதில் முக்கியம். எக்சுடேட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளும் `MORPH_BLACKHAT` கண்ணுக்குக் கறுப்புக் கோடுகளாகத்தான் தெரியும், ஆனால் அவை எல்லாத் திசையிலும் சிதறிக் கிடப்பதால் கழித்தலில் ஏறக்குறைய அடிபட்டுப்போகும், செங்குத்துக் குழாய்கள் மட்டும் நிற்கும். 41 என்பது என் படத்தில் பெரிய சிரையின் தடிமனைவிடச் சற்று அதிகம், உங்கள் படத்தின் அளவுக்கு அதை மாற்ற வேண்டும். கிடைக்கிற புள்ளி டிஸ்க்கின் நடு மையத்தில் விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதைச் சுற்றி ஒரு சதுரம் வெட்டி, அதற்குள் மட்டும் விளிம்பைத் தேடுங்கள்.

தவறியதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி: வலது கண் படத்தில் டிஸ்க் வலப்பக்கம், இடது கண்ணில் இடப்பக்கம், ஏனென்றால் டிஸ்க் எப்போதும் மூக்குப் பக்கம். கோப்பின் பெயர் வலது கண் என்று சொல்லி, உங்கள் புள்ளி இடது பாதியில் விழுந்தால் ஒன்று கண் மாறிப் பதிவாகியிருக்கிறது, இல்லையென்றால் நீங்கள் பிடித்தது டிஸ்க் இல்லை. மேலே சொன்ன படம் இந்த ஒரு கேள்வியிலேயே மாட்டியிருக்கும்.

டிஸ்க் கிடைத்துவிட்டால் அதுவே அளவுகோல். என் படத்தில் அதன் மையம் (2050, 1250), விட்டம் 360 பிக்சல். ஃபோவியா டிஸ்க் மையத்திலிருந்து சுமார் இரண்டரை டிஸ்க் விட்டம் தள்ளி, சற்றுக் கீழே இருக்கும், அதாவது 900 பிக்சல் இடப்பக்கம். அங்கே தேடியபோது கருமையான பகுதி (1150, 1330) சுற்றி இருந்தது. எக்சுடேட் வளையத்தின் மையம் (850, 1050), ஆரம் ஏறத்தாழ 200. கணக்குப் போட்டால் வளையத்தின் மிக அருகான புள்ளி ஃபோவியாவிலிருந்து 210 பிக்சல்தான். ஒரு டிஸ்க் விட்டத்துக்குள் எக்சுடேட் வந்துவிட்டால் மாகுலாவில் வீக்கம் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் அனுப்புவது ஸ்கிரீனிங்கில் வழக்கம், 210 என்பது 360-க்கு நன்றாகவே உள்ளே. வீக்கம் உண்மையில் இருக்கிறதா என்பதை இந்தத் தட்டைப் படம் சொல்லாது, விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி ஸ்கேன்தான் சொல்லும்.

இதே அளவுகோல் சிவப்புப் புள்ளிகளுக்கும் உதவும். சர்க்கரைப் பாதிப்பில் முதலில் தெரிவது மைக்ரோ அனூரிசம், அதாவது நுண் ரத்தக் குழாயில் புடைக்கும் சிறு பை, டிஸ்க் விட்டத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குள் இருக்கும், இந்தப் படத்தில் 30 பிக்சல். அதைவிடப் பெரிய சிவப்புத் திட்டை ரத்தக் கசிவாக எண்ணுங்கள். வெண்மையாக, ஓரம் பஞ்சு போலக் கலைந்திருந்தால் அது எக்சுடேட் இல்லை, காட்டன் வுல் ஸ்பாட், அந்த இடத்து நரம்பிழைகளுக்கு ரத்தம் போகவில்லை என்று பொருள். எக்சுடேட்டுக்கு ஓரம் வெட்டினாற்போல் இருக்கும்.

கப் விஷயம் தனி, அது சர்க்கரைக்கு அல்ல, பார்வை நரம்பைத் தேய்க்கும் க்ளாகோமாவுக்காகப் பார்ப்பது. கப் என்பது டிஸ்க் நடுவில் உள்ள பள்ளம், நிறம் அதற்கு ஒரு சாயல் மட்டும்தான். வெளுத்த பகுதியை த்ரெஷோல்டு வைத்து எடுத்தபோது என் படத்தில் செங்குத்து உயரம் 130 பிக்சல், கப்-டிஸ்க் விகிதம் 0.36 என்று வந்தது. ஆனால் சிறு குழாய்கள் டிஸ்க்கின் மேல் வரும்போது திடீரென்று வளைந்து உள்ளே இறங்குகிற இடங்களைக் குறித்துப் பார்த்தால் 200 பிக்சல், விகிதம் 0.56. அந்த வளைவுதான் பள்ளத்தின் உண்மையான விளிம்பு, நான் அதையே நம்புவேன். 0.56 என்றதும் பயப்பட வேண்டியதில்லை: கப்புக்கும் டிஸ்க் ஓரத்துக்கும் இடைப்பட்ட விளிம்பு கீழே 95, மேலே 65 பிக்சல், கீழே தடிமன் அதிகம் என்பது இயல்பான அமைப்பு. மற்ற கண்ணோடு 0.2-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, கீழ் விளிம்பில் ஓரிடம் மட்டும் தேய்ந்திருந்தாலோதான் அதிகம் கவலைப்படுவேன்.

கப்பைப் பழக மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் எடுத்த 101 படங்கள் கொண்ட Drishti-GS தொகுப்பை எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் நான்கு நிபுணர்கள் தனித்தனியாக எல்லை வரைந்திருக்கிறார்கள். உங்கள் எல்லையை ஒருவருடையதோடு மட்டும் ஒப்பிடாமல், நால்வரும் தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று முதலில் அளந்துவிட்டு, உங்கள் பிழையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, லென்ஸ் தூசி. அதுவும் அச்சு அசல் மைக்ரோ அனூரிசம் போலவே கறுப்புப் புள்ளியாக விழும். அதே கேமராவில் அன்று எடுத்த அடுத்த ஐந்து நோயாளிகளின் படத்தைத் திறந்து அதே பிக்சலைப் பாருங்கள், எல்லோருக்கும் அதே இடத்தில் இருந்தால் துடைக்க வேண்டியது லென்ஸை.