உதவித்தொகைக்கு வகுப்பாசிரியர் தரும் கடிதம்: கேள்வி பதில்

பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர். இப்போது ஒரு அறக்கட்டளையின் தேர்வுக் குழுவில் விண்ணப்பங்களைப் படிக்கிறார்.

பிளஸ் டூ வகுப்பாசிரியை ஒருவர்: வணக்கம் சார். என் மாணவி பொறியியல் படிக்க ஒரு தனியார் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கிறாள். வகுப்பாசிரியர் கடிதம் கேட்கிறார்கள். பொதுத்தேர்வில் கணக்கில் 89. ஆனால் காலாண்டில் 41 தான். அதை எழுதலாமா, விட்டுவிடலாமா? ஒரு மாதிரிக் கடிதமும் கொடுத்தால் நல்லது.

எழுதுங்கள் டீச்சர். உங்கள் கடிதத்துக்கு உயிரே அந்த 41தான். குழுவின் கையில் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, வருமானச் சான்றிதழ் இருக்கிறது. அவள் 89 வாங்கியதையும் வீட்டில் வசதி இல்லை என்பதையும் சொல்ல நீங்கள் தேவையில்லை. 41 எப்படி 89 ஆனது என்பதுதான் எந்தச் சான்றிதழிலும் இல்லாத செய்தி. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

மாதிரி இதோ. நீங்கள் சொன்ன மதிப்பெண்களைத் தவிர மற்ற விவரமெல்லாம் நான் இட்டுக்கட்டியது. உங்கள் மாணவிக்கு நடந்ததைப் போட்டு எழுதுங்கள்.

> ஐயா,
>
> செல்வி ________ எங்கள் பள்ளியில் பிளஸ் டூ கணித-உயிரியல் பிரிவில் படித்தவர். இரண்டு ஆண்டுகள் அவருக்கு வகுப்பாசிரியையாக இருந்தேன். கணிதமும் நான்தான் நடத்தினேன்.
>
> பிளஸ் டூ படித்தபோது ஆகஸ்ட் மாதத்தில் அவர் 15 பள்ளி நாட்கள் வரவில்லை. தந்தை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். உடனிருந்து கவனித்தவர் இவர். அந்த நாட்களில் கலப்பு எண்கள் பாடம் முழுவதும், சமன்பாட்டியலில் பாதியும் நடந்து முடிந்துவிட்டன. காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் 41 மதிப்பெண் பெற்றார்.
>
> விடைத்தாள் கொடுத்த மறுநாள், தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிய கணக்குகளுடன் என்னிடம் வந்தார். தனக்குப் புரியாத வரிகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். முழுப் பாடத்தையும் மறுபடி நடத்தச் சொல்லவில்லை. அந்த வரிகளை மட்டும் கேட்டார். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதிய இடைவேளையில் இது தொடர்ந்தது. ஒருமுறை தோழியின் நோட்டிலேயே ஒரு குறி தவறாக இருப்பதைக் கண்டுபிடித்து, அவரையும் அழைத்து வந்து திருத்த வைத்தார். அரையாண்டில் 68, பொதுத்தேர்வில் 89.
>
> வகுப்பில் தானாக எழுந்து பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. கேட்டால் மட்டுமே பதில் சொல்வார். ஆனால் தனக்கு எது தெரியவில்லை என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் மாணவர்கள் குறைவு. பொறியியல் முதலாண்டுக் கணிதத்தை இவர் சமாளிப்பார் என்று நம்புகிறேன். உதவித்தொகைக்கு இவரைப் பரிந்துரைக்கிறேன்.
>
> மேலும் விவரம் தேவையெனில் என்னைத் தொலைபேசியில் அழைக்கலாம்.

பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில், தேதியுடன், ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். கையெழுத்துக்குக் கீழே உங்கள் பெயர், பதவி, கைபேசி எண். தலைமையாசிரியர் மேலொப்பமும் பள்ளி முத்திரையும் கேட்டிருக்கிறார்களா என்று விண்ணப்பத்தில் பாருங்கள். 15 நாள் என்று எழுதுவதற்கு முன் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். நேர்காணலில் பிள்ளை 10 நாள் என்று சொன்னால் நன்றாக இருக்காது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்: நாங்கள் எல்லாம் 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எல்லா வகையிலும் தகுதியானவர்' என்று தாராளமாக எழுதிக் கொடுப்போம். வகுப்பில் பேசமாட்டார் என்றெல்லாம் எழுதினால் பிள்ளைக்குத்தானே நஷ்டம்?

ஐயா சொல்வதில் பாதி சரி. குறைகளைப் பட்டியல் போடுகிற இடம் இல்லை இது. ஆனால் அந்தத் தாராளக் கடிதம் குழுவுக்கு வரும்போது என்ன ஆகிறது என்று சொல்கிறேன். ஒரே பள்ளியிலிருந்து நான்கு பேர் விண்ணப்பிப்பார்கள். நான்கு கடிதத்திலும் அதே மூன்று வரி, பெயர் மட்டும் வேறு. ஒன்றில் மாணவனைப் பற்றி எழுதும்போது 'இவள்' என்று தவறிப்போய் நின்றிருக்கும். அப்புறம் அந்த நான்கையும் தள்ளி வைத்துவிட்டு மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்போம். உண்மையிலேயே நல்ல பிள்ளைக்கும் அதில் அடி விழும்.

பேசமாட்டார் என்ற வரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. நேர்காணலில் அவள் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால், ஆர்வமில்லாத பெண் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். முன்பே தெரிந்திருப்பதால் பொறுமையாகக் கேட்போம்.

ஒரு தந்தை: என் மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு வகுப்பாசிரியர் இந்த மாதிரி கடிதம் தர இழுத்தடிக்கிறார். என்ன செய்வது?

அவர் மேல் கோபப்படாதீர்கள். அந்தத் திட்டத்துக்குப் பரிந்துரைக் கடிதமே வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாளா என்பதுதான் கேள்வி. யார் எவ்வளவு புகழ்ந்தார்கள் என்பது கணக்கில் வராது. விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போகும், அங்கே விசாரியுங்கள். எங்கே படித்தாள் என்பதற்குச் சான்று கேட்டால், அதைப் பள்ளி அலுவலகத்தில் வாங்க வேண்டும். நாம் இங்கே பேசுவது தனியார் அறக்கட்டளைகள் கேட்கும் கடிதம்.

ஒரு இளம் ஆசிரியர்: என் மாணவனின் அப்பா குடிப்பவர். சம்பாத்தியம் வீட்டுக்கு வருவதில்லை. அதை எழுதினால் உதவி கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். எழுதலாமா?

முதலில் பையனிடம் கேளுங்கள். உங்கள் கடிதத்தைக் குழுவில் நான்கைந்து பேர் படிப்பார்கள். நேர்காணலுக்கு அப்பாவையும் அழைக்கும் இடங்கள் உண்டு. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பற்றிக் கேள்வி வந்தால் பையன் எங்கே முகத்தை வைத்துக்கொள்வான்? நானாக இருந்தால், 'குடும்பச் செலவைத் தாயார் ஒருவரே பார்க்கிறார். இவர் காலையில் பால் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வருகிறார்' என்பதோடு நிறுத்துவேன். அதுவும் நீங்களே பார்த்திருந்தால்தான்.

எங்கள் குழுவிலேயே ஒரு அம்மா இதை ஒத்துக்கொள்ளமாட்டார். வருமானச் சான்றிதழில் அப்பாவின் வருமானம் இருக்கும், வீட்டுக்கு வருவது பூஜ்யமாக இருக்கும்; வெளிப்படையாக எழுதாவிட்டால் நமக்கு எப்படித் தெரியும் என்பார். அதுவும் நியாயம்தான். நாங்கள் இன்னும் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒரு மாணவன்: எங்க சார் 'நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்'னு சொல்றார். நானே எழுதிடலாமா சார்?

முழுக் கடிதமும் எழுதாதே தம்பி. உன்னைப் பற்றி நீயே எழுதினால் ஒன்று கூச்சப்பட்டுக் குறைப்பாய், இல்லையென்றால் மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடும். குழு அவரைத் தொலைபேசியில் கேட்டால் அவருக்கும் பதில் தெரியாது. அதற்குப் பதிலாக ஒரு அரைப் பக்கக் குறிப்பு எழுதிக் கொடு. எந்தெந்த வகுப்பில் அவரிடம் படித்தாய், காலாண்டு, அரையாண்டு, பொதுத்தேர்வு மதிப்பெண்கள், அவர் கண் முன்னால் நீ செய்த ஒன்றிரண்டு விஷயம், எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாய், கடைசித் தேதி என்ன. நிறைய பேருக்கு எழுதித் தருபவருக்கு உன் நோட்டும் உன் கேள்வியும் நினைவில் இருக்காது. குறிப்பைப் பார்த்தால் 'ஆமா, இவன் தானே அது' என்று தானாக வரும்.

கோடை விடுமுறையில் தலைமையாசிரியர் எப்போது பள்ளிக்கு வருவார் என்று அலுவலகத்தில் இன்றைக்கே கேட்டு வை. கடிதம் தயாராகி, முத்திரைக்காகத் தேதி தாண்டிப் போன விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன்.