மிக்ஸி போட்டால் காதைப் பொத்துகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை

"என் மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மிக்ஸி போட்டாலோ குக்கர் விசில் அடித்தாலோ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்துகிறான். ஆனால் எத்தனை முறை பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். இரண்டு வயதில் காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தோம், நார்மல் என்று வந்தது. மாமியார் காது மந்தம் என்கிறார். கணவரோ, மிக்ஸி பக்கத்திலேயே நிற்க வைத்தால் பழகிவிடும் என்கிறார். ஹெட்போன் வாங்கி மாட்டிவிடலாமா?"
- வாசகி, திருப்பூர்

காதை மறுபடியும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். மிக்ஸி பக்கத்தில் பிடித்து நிற்க வைக்கவே வேண்டாம். ஹெட்போன் வாங்கலாம், ஆனால் நாள் முழுக்க மாட்டி வைக்கக் கூடாது. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒரு குழந்தைக்கு எவ்வளவு மெல்லிய சத்தத்திலிருந்து கேட்கத் தொடங்குகிறது என்பது ஒரு அளவு. எவ்வளவு பெரிய சத்தம் வரை தாங்க முடிகிறது என்பது வேறொரு அளவு. முதல் அளவு கெட்டிருந்தால்தான் அது செவித்திறன் குறைபாடு. காதைப் பொத்தும் ஆட்டிசக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அந்த முதல் அளவு மற்றக் குழந்தைகளுக்கு இருப்பது போலத்தான் இருக்கும், கூடுதலாகவும் கேட்காது. வித்தியாசம் இருப்பது மூளை அந்தச் சத்தத்தை எடுத்துக்கொள்ளும் விதத்தில். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் நம் மூளை சீக்கிரமே அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். இந்தக் குழந்தைகளுக்கு அப்படி விட்டுவிடுவது மெதுவாகவே நடக்கிறது என்றும், பயத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதி கூடுதலாகத் தூண்டப்படுகிறது என்றும் ஸ்கேன் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே நூறாவது தடவை மிக்ஸி ஓடும்போதும் அவனுக்கு அது முதல் தடவை மாதிரியே இருக்கலாம். அவன் கத்துவது அடமோ செல்லமோ இல்லை.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது ஆட்டிசத்தின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. காதில் குரல் விழும், ஆனால் அது தன்னைக் கூப்பிடும் குரல், திரும்ப வேண்டும் என்ற கவனம் எழாது. அதே பையன் அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடிவருவான். இதைப் பார்த்துவிட்டு "காது நன்றாகத்தான் இருக்கிறது" என்று பலர் பரிசோதனையையே விட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை.

காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். பக்கத்தில் நிற்பவருக்கு வீட்டு மிக்ஸியின் சத்தம் 85, 90 டெசிபலைத் தொடுவது சாதாரணம். சின்னக் குழந்தைகளுக்குச் சளி பிடிக்கும்போது செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குவது அடிக்கடி நடக்கும். அதனால் 30, 35 டெசிபல் வரை செவித்திறன் குறையலாம். அப்படி 35 குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 90-ல் வரும் மிக்ஸி 55 ஆகக் காதில் விழும், தெளிவாகவே கேட்கும். அடுத்த அறையிலிருந்து 45-ல் வரும் உங்கள் குரல் 10 ஆகத் தேய்ந்து, கிட்டத்தட்ட காணாமலே போய்விடும். மிக்ஸிக்குப் பொத்துகிறான் என்பதால் உங்கள் குரலும் சரியாகக் கேட்கிறது என்று முடிவு கட்ட முடியாது. உள்காது பாதித்த குழந்தைகளில் இன்னொரு நிலையும் உண்டு. மெல்லிய சத்தம் கேட்கவே கேட்காது, கொஞ்சம் கூடினால் சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். குறைபாடும் சத்தக் கூச்சமும் ஒரே காதில் சேர்ந்தே இருக்கலாம்.

இரண்டு வயதில் எடுத்த பெரா அன்றைய நிலையைத்தான் சொல்லும். பிறகு நீர் தேங்கியிருந்தால் அதற்குத் தெரியாது. தவிர, வழக்கமான பெராவில் கொடுக்கும் டிக் டிக் ஒலி பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்ந்த சுருதிப் பகுதியைத்தான் சோதிக்கும், அதற்குக் கீழே உள்ள தாழ்ந்த சுருதிப் பகுதி விடுபடலாம். ஆகவே இப்போது செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட்டிடம் இரண்டு சோதனைகள் கேளுங்கள். ஒன்று டிம்பனோமெட்ரி. காதில் சின்ன அடைப்பானை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றி, நீர் இருக்கிறதா என்று சில நொடிகளில் பார்த்துவிடுவார்கள். இன்னொன்று விளையாட்டு ஆடியோமெட்ரி. சத்தம் கேட்டதும் ஒரு வளையத்தைக் கம்பியில் மாட்டப் பழக்கி, எந்தச் சுருதியில் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று அளப்பார்கள். குழந்தைகளுக்கு ஏறக்குறைய 15, 20 டெசிபலுக்குள் கேட்டால் இயல்பு. ஒத்துழைக்காவிட்டால் மட்டும் மறுபடி பெரா.

போவதற்கு முன்னால் ஒரு வாரம், வயர் இணைக்காத பழைய ஹெட்போன் ஒன்றை வீட்டில் விளையாட்டாக மாட்டிப் பழக்குங்கள். மாட்டிக்கொள்ள மறுத்தால் ஸ்பீக்கரில்தான் சோதிக்க வேண்டி வரும். அதில் நன்றாகக் கேட்கும் காதின் நிலை மட்டுமே தெரியும், மற்றக் காதின் குறை மறைந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆரம்ப இடையீட்டு மையத்தை, அதாவது டி.இ.ஐ.சி.யை, கேளுங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு நடத்தும் நிப்மெட் நிறுவனத்திலும் செவித்திறன் பிரிவு இருக்கிறது. காதில் எண்ணெய் விடுவது, பட்ஸால் குடைவது இரண்டும் வேண்டாம். ஒரு பக்கக் காதை மட்டும் பிடித்துக்கொண்டாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சலோடு அழுதாலோ, பேசிய வார்த்தைகளை இழந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

இனி மிக்ஸி. உங்கள் கணவர் சொல்லும் வழியில் என்ன நடக்கும் தெரியுமா? சத்தத்தின் மேல் இருந்த வேதனையோடு சமையலறையின் மேல், பிடித்து வைத்த கையின் மேல் என்று பயம் சேர்ந்துகொள்ளும். ஏற்கெனவே பயம் சேர்ந்துவிட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஜாரை ஷெல்ஃபிலிருந்து எடுத்தவுடனே, ஸ்விட்ச் போடும் முன்பே ஓடுகிறானா? அப்படியென்றால் சத்தத்தைக் குறைத்தால் மட்டும் போதாது, பயத்தையும் மெல்லக் கழற்ற வேண்டும்.

முதலில் சத்தத்தையே குறையுங்கள். மிக்ஸிக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள், மேடை அதிர்வது குறையும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கதவைச் சாத்துங்கள். சட்னியை அவன் எழுவதற்கு முன்போ, குளிக்கும்போது தூரத்து அறையில் வைத்தோ அரைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் போட்ட சின்னச் சமையலறை சத்தத்தைத் திருப்பி அடிக்கும், அதனால் அங்கே ஒரு எட்டு தள்ளி நிற்பதைவிட அறையை விட்டு வெளியே போவதே பயன் தரும்.

பிறகு பழக்குவதற்கென்று தனியாக நேரம் வையுங்கள். அது சமையல் அவசரத்தில் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலி ஜாரையும் மூடியையும் அவனை விளையாட விடுங்கள். அடுத்த கட்டம், மிக்ஸி சத்தத்தை உங்கள் போனில் பதிந்து, அவனுக்குப் பிடித்த விளையாட்டு நடக்கும்போது காதில் விழுந்தும் விழாததுமாக ஒலிக்க விடுவது. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் அவன் விரலில் இருக்கட்டும். சத்தம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரிந்தால் அதே டெசிபலைக்கூடத் தாங்க முடிகிறது. உங்கள் பையனுக்கு நீங்கள் தரவேண்டிய முக்கியமான விஷயம் இந்த முன்னறிவிப்பும் நிறுத்தும் உரிமையும்தான். நிஜ மிக்ஸிக்கு வரும்போது, மிக்ஸி படத்தைக் காட்டுங்கள், மூன்று விரலை மடக்கி எண்ணுங்கள், வாசல் பக்கம் அவன் நிற்க, உள்ளே இரண்டு நொடி ஓட்டி நிறுத்துங்கள். "முடிந்தது" என்று கையைக் காட்டுங்கள். அமைதியாக இருந்தால் மறுநாள் கொஞ்சம் நெருங்கலாம், அல்லது கொஞ்சம் நீட்டலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்.

கையைக் காதுக்குக் கொண்டுபோனாலோ, உறைந்து நின்றாலோ, காரணமில்லாமல் சிரித்தாலோகூட, அவனால் முடியவில்லை என்று அர்த்தம். சிரிப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். முந்தின கட்டத்துக்குத் திரும்பிவிடுங்கள். தூங்காத நாளில், பசியில், சளியில் இதைச் செய்யவே வேண்டாம். ஒரு சிறு நோட்டில் என்ன சத்தம், எந்த நேரம், முந்தின இரவு எப்படித் தூங்கினான், அழுகை அடங்க எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வாருங்கள். தினமும் காலையில் மட்டும்தான் கத்துகிறானா, வீட்டில் ஆள் கூடும்போது மட்டும்தானா என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் அதில் தெரியும். அழுகை நேரம் குறைவதே முன்னேற்றம். காதைப் பொத்துவது நிற்காமல் போகலாம், அதில் தவறில்லை. பொத்திய கையை விலக்க வேண்டாம், தன்னைக் காத்துக்கொள்ள அவனே கண்டுபிடித்த வழி அது.

கத்தத் தொடங்கிவிட்டால் அந்த நேரம் பாடம் நடத்த ஏற்றதல்ல. சத்தத்தை நிறுத்துங்கள், முடியாவிட்டால் அவனை வெளியே கூட்டிப்போங்கள். பேச்சைக் குறையுங்கள், உங்கள் சமாதானமும் அவனுக்கு இன்னொரு சத்தம்தான். கட்டிப்பிடிப்பது பிடிக்கும் குழந்தையென்றால் மட்டும் அணைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்போன் என்று நீங்கள் கேட்டது பாட்டு வராத, சத்தம் தடுக்கும் காதுமூடியாக இருக்கட்டும். காதுக்குள் திணிக்கும் பஞ்சு வகை இந்த வயதில் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வான். கல்யாண மண்டபத்தில் தவில் தொடங்கும் முன், ஆடி மாதத்தில் ஒலிபெருக்கி கட்டிய தெருவைக் கடக்கும்போது, தீபாவளி அன்று மாட்டிவிடுங்கள். அந்த இடத்தை விட்டு வந்ததும் கழற்றிவிடுங்கள். 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இயல்பான காதுள்ள பெரியவர்கள் தொடர்ந்து இரண்டு வாரம் காதை அடைத்து வைத்திருந்தார்கள். அடைப்பை எடுத்த பிறகு சாதாரணச் சத்தமே முன்பைவிடப் பலமாகத் தெரிந்தது அவர்களுக்கு. காதை எப்போதும் மூடி வைத்தால் கூச்சம் கூடலாம் என்பதை இது காட்டுகிறது. பேச்சு வளர வேண்டிய வயதில் உங்கள் குரலையும் சேர்த்துத்தான் அது தடுக்கும்.

வடிகட்டிய இசையைக் கேட்க வைத்தே இதைச் சரிசெய்கிறோம் என்று பெரிய கட்டணம் கேட்கும் மையங்கள் உண்டு. செவி ஒருங்கிணைப்புப் பயிற்சி என்று சொல்வார்கள். அதைப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2011-ல் சொல்லியிருக்கிறது. அந்தப் பணத்தை ஆடியாலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி என்று செலவிடுங்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரிடம் கேட்க வேண்டியது இரண்டுதான்: மணி மாட்டியிருக்கும் சுவரிலிருந்து தள்ளி இடம், மணி அடிக்கும் முன் அவன் தோளைத் தொட்டு ஒரு விரல் சைகை.